கோரிக்கைப் பதிவுகளை அமர்வுகளாகப் பிரித்தல்: இடைவெளி விதியைப் படிப்படியாக அமைக்கும் முறை

ஒரு வலைத்தளத்தின் சர்வர், தன்னிடம் வரும் ஒவ்வொரு கோரிக்கையையும் லாக்கில் தனித்தனி வரியாக எழுதி வைக்கிறது. யார், எந்த நேரத்தில், எந்தப் பக்கத்தைக் கேட்டார் என்பதெல்லாம் அந்த வரியில் இருக்கும். ஆனால் அவர் எப்போது வந்தார், எப்போது கிளம்பினார் என்பது எந்த வரியிலும் இருக்காது. பிரவுசரை மூடுகிறவர் சர்வரிடம் சொல்லிவிட்டு மூடுவதில்லை. எனவே அமர்வு என்பது, பதிவுகளுக்கு நடுவே விழும் மௌனத்தைப் பார்த்து நாம் செய்துகொள்ளும் ஊகம். அந்த ஊகத்துக்கான விதி எளியது: ஒரே பயனரின் அடுத்தடுத்த இரண்டு கோரிக்கைகளுக்கு இடையே, நாம் வைத்த வரம்பைத் தாண்டி நேரம் கடந்திருந்தால், முதல் கோரிக்கையோடு ஓர் அமர்வு முடிந்துவிட்டது, இரண்டாவது கோரிக்கையோடு அடுத்த அமர்வு தொடங்கிவிட்டது என்று கொள்கிறோம்.

இந்த விதியை SQL-இல் எழுதினால் இருபத்தைந்து வரிகூட வராது. புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்கள் தடுமாறுவது அந்த வரிகளில் அன்று. எந்தப் பதிவுகளை அந்த விதியின் முன் நிறுத்துகிறோம், அவற்றின் நேரம் உண்மையில் எதைக் குறிக்கிறது என்ற இரண்டு கேள்விகளில்தான் முடிவு சரியாகவோ தவறாகவோ போகிறது. ஆகவே முதலில் ஒரு சிறிய எடுத்துக்காட்டைக் கையால் கணக்கிட்டு விதியைப் புரிந்துகொண்டு, பிறகு அந்தக் கேள்விகளுக்குப் போகலாம். எடுத்துக்காட்டுகள் PostgreSQL-இல் உள்ளன. விண்டோ ஃபங்ஷன் உள்ள எந்தத் தரவுத்தளத்திலும் சிறு மாற்றங்களுடன் இவை இயங்கும்.

முதல் படி: சிறிய அட்டவணையைக் கையால் கணக்கிடுதல்

இரண்டு பயனர்களின் ஒன்பது கோரிக்கைகளை எடுத்துக்கொள்வோம். எல்லாம் ஒரே நாளின் பதிவுகள். நேரம் UTC-இல் உள்ளது.

```
event_id | user_key | ts       | path
101      | u17      | 09:02:10 | /home
102      | u17      | 09:03:45 | /search
103      | u17      | 09:05:20 | /article/12
104      | u23      | 09:10:00 | /home
105      | u17      | 09:35:20 | /article/15
106      | u23      | 09:50:30 | /search
107      | u17      | 10:20:05 | /home
108      | u17      | 10:20:05 | /profile
109      | u17      | 10:31:40 | /article/40
```

வரம்பு 30 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். முதலில் பயனர்களைப் பிரிக்க வேண்டும். u17-இன் வரிகளுக்கு நடுவே u23-இன் வரி வருவதற்கு எந்தப் பொருளும் இல்லை. u17-இன் ஏழு வரிகளையும் நேர வரிசையில் வைத்து, ஒவ்வொன்றுக்கும் அதற்கு முந்தைய வரியிலிருந்து எவ்வளவு நேரம் கடந்தது என்று எழுதுங்கள். முதல் வரிக்கு முன்பு ஏதும் இல்லாததால் அதற்கு இடைவெளி இல்லை. அதன் பிறகு 1 நிமிடம் 35 விநாடி, மீண்டும் 1 நிமிடம் 35 விநாடி, சரியாக 30 நிமிடம், 44 நிமிடம் 45 விநாடி, சுழியம், 11 நிமிடம் 35 விநாடி என்று வரும். இவற்றில் வரம்பைத் தாண்டியது 44 நிமிடம் 45 விநாடி மட்டுமே. எனவே u17-க்கு இரண்டு அமர்வுகள்: 101 முதல் 105 வரை நான்கு கோரிக்கைகள் கொண்ட ஒன்று, 107 முதல் 109 வரை மூன்று கோரிக்கைகள் கொண்ட மற்றொன்று. u23-இன் இரண்டு வரிகளுக்கு நடுவே 40 நிமிடம் 30 விநாடி இருப்பதால், அவருக்கு ஒரே கோரிக்கை கொண்ட இரண்டு அமர்வுகள். மொத்தம் நான்கு.

இங்கே மூன்று செய்திகளைக் கவனிக்க வேண்டும். u17-இன் முதல் அமர்வு 09:02:10-இல் தொடங்கி 09:35:20-இல் முடிகிறது. அதன் நீளம் 33 நிமிடம் 10 விநாடி. 30 நிமிட வரம்பு வைத்தும் அமர்வு அதைவிட நீளமாக இருக்கிறதே என்று பலர் முதலில் குழம்புவார்கள். வரம்பு கட்டுப்படுத்துவது இடைவெளியைத்தான். இடைவிடாமல் படித்துக்கொண்டிருப்பவரின் அமர்வு மூன்று மணி நேரமும் நீளலாம்.

அடுத்தது, 105-ஆம் வரியின் இடைவெளி சரியாக 30 நிமிடம். "30 நிமிடத்துக்கு மேல்" என்று விதி வைத்தால் அது பழைய அமர்விலேயே இருக்கும். "30 நிமிடமோ அதற்கு மேலோ" என்று வைத்தால் அங்கே அமர்வு முறிந்து மொத்தம் ஐந்தாகிவிடும். இரண்டில் எதுவும் தவறில்லை. ஆனால் ஒரே நிறுவனத்தில் இரண்டு பேர் இரண்டு விதமாக எழுதினால் இரண்டு அறிக்கைகளும் எந்நாளும் ஒத்துப்போகா. தேர்ந்தெடுத்ததை ஒரு வரியில் எழுதி வைத்துவிடுங்கள்.

மூன்றாவது, ஒரே கோரிக்கை கொண்ட அமர்வின் நீளம் சுழியம். u23 முதல் பக்கத்தில் ஒரு விநாடி இருந்தாரா, இருபது நிமிடம் இருந்தாரா என்பது லாக்குக்குத் தெரியாது. பொதுவாகச் சொன்னால், எந்த அமர்விலும் கடைசிப் பக்கத்தில் செலவிட்ட நேரம் கணக்கில் வராது. சராசரி அமர்வு நீளத்தைச் சொல்லும்போது சுழிய நீள அமர்வுகளைச் சேர்த்தோமா விட்டோமா என்று கூடவே சொல்லாவிட்டால், அந்த எண்ணுக்குப் பொருளே இல்லை.

இரண்டாம் படி: அதையே SQL-இல் எழுதுதல்

கையால் செய்த மூன்று செயல்களையும் அதே வரிசையில் எழுதினால் போதும். முந்தைய வரியின் நேரத்தை LAG எடுத்துத் தரும். இடைவெளி வரம்பைத் தாண்டினால் 1 என்றும் இல்லாவிட்டால் 0 என்றும் ஒரு கொடி வைக்கிறோம். அந்தக் கொடிகளை மேலிருந்து கீழாகக் கூட்டிக்கொண்டே வந்தால், அந்தக் கூட்டுத்தொகையே அமர்வு எண் ஆகிவிடும்.

```sql
WITH g AS (
  SELECT event_id, user_key, ts, path,
         ts - LAG(ts) OVER (
           PARTITION BY user_key
           ORDER BY ts, event_id) AS gap
  FROM events
),
f AS (
  SELECT *,
         CASE WHEN gap IS NULL
                OR gap > INTERVAL '30 minutes'
              THEN 1 ELSE 0 END AS is_new
  FROM g
)
SELECT *,
       SUM(is_new) OVER (
         PARTITION BY user_key
         ORDER BY ts, event_id
         ROWS UNBOUNDED PRECEDING) AS session_no
FROM f;
```

ஒரு விண்டோ ஃபங்ஷனுக்குள் இன்னொன்றை நேரடியாக எழுத SQL அனுமதிப்பதில்லை. அதனால்தான் இடைவெளியை ஓர் அடுக்கிலும் கூட்டுத்தொகையை அதற்கு வெளியே இன்னோர் அடுக்கிலும் வைக்கிறோம். u17-இன் கொடிகள் 1, 0, 0, 0, 1, 0, 0 என்று வரும். கூட்டிக்கொண்டே போனால் 1, 1, 1, 1, 2, 2, 2. கையால் கண்ட விடையே இதுவும்.

`gap IS NULL` என்ற பகுதியை மறந்துவிடாதீர்கள். அது இல்லாவிட்டால் ஒவ்வொரு பயனரின் முதல் வரியும் 0 என்று குறிக்கப்படும். அமர்வு எண்கள் 0-இலிருந்து தொடங்கும் என்பதைத் தவிர வேறு கேடு முதலில் தெரியாது; ஆனால் பின்னொரு நாள் யாராவது `is_new` நெடுவரிசையைக் கூட்டி அமர்வுகளின் எண்ணிக்கை என்று எடுத்தால், ஒவ்வொரு பயனருக்கும் ஓர் அமர்வு குறைந்திருக்கும்.

`ORDER BY ts, event_id` என்று இரண்டை வைத்ததற்கும் காரணம் உண்டு. 107, 108 ஆகிய இரண்டு வரிகளும் ஒரே விநாடியில் பதிவானவை. நேரத்தை மட்டும் வைத்து வரிசைப்படுத்தினால், இவ்விரண்டில் எது முதலில் வரும் என்பது தரவுத்தளத்தின் விருப்பம். இன்று ஒன்றும் நாளை இன்னொன்றும் வரலாம். அமர்வின் எல்லை இதனால் மாறாது, ஏனெனில் எது முன்னே வந்தாலும் மற்றதன் இடைவெளி சுழியம்தான். மாறுவது அமர்வின் நுழைவுப் பக்கம்: ஒரு முறை `/home`, இன்னொரு முறை `/profile`. நுழைவுப் பக்க அறிக்கை ஒவ்வொரு ஓட்டத்திலும் சிறிது சிறிதாக மாறுகிறது என்றால், முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும்.

இந்த வினவலிலிருந்து ஓர் எளிய உண்மை வெளிப்படுகிறது. நான் இதை எப்போதும் சோதனைக் கருவியாக வைத்துக்கொள்கிறேன். மொத்த அமர்வுகளின் எண்ணிக்கை என்பது, பயனர்களின் எண்ணிக்கையையும் வரம்பைத் தாண்டிய இடைவெளிகளின் எண்ணிக்கையையும் கூட்டினால் வருவது. நம் எடுத்துக்காட்டில் 2 பயனர்கள், 30 நிமிடத்தைத் தாண்டிய 2 இடைவெளிகள், ஆக 4. அமர்வு அட்டவணையைக் கட்டி முடித்த பிறகு இந்தக் கூட்டல் ஒத்துப்போகவில்லை என்றால், எங்கோ வரிகள் தொலைந்திருக்கின்றன அல்லது இரட்டித்திருக்கின்றன.

மூன்றாம் படி: நேரமுத்திரை எதைக் குறிக்கிறது என்று பார்த்தல்

விதி சரியாக இருந்தும் விடை பிசகுவதற்கு நேரமே பெரும்பாலும் காரணம். இதில் எளிதாகக் கண்டுபிடிக்கக்கூடிய பிழை அலகைப் பற்றியது. யூனிக்ஸ் நேரத்தைச் சில அமைப்புகள் விநாடியிலும் சில மில்லிவிநாடியிலும் எழுதுகின்றன. இன்றைய தேதிகளுக்கு முன்னது 10 இலக்கம், பின்னது 13 இலக்கம். மில்லிவிநாடி எண்களைக் கழித்துவிட்டு 1800 என்ற வரம்போடு ஒப்பிட்டால், அது 30 நிமிடம் அன்று, 1.8 விநாடி. கிட்டத்தட்ட ஒவ்வொரு சொடுக்கும் ஓர் அமர்வாகிவிடும். ஓர் அமர்வுக்குச் சராசரியாக ஒரு கோரிக்கை என்ற அளவில் விடை வந்தால், முதலில் இலக்கங்களை எண்ணிப் பாருங்கள்.

நேர மண்டலம் அதைவிட நுட்பமான தொல்லை. உள்ளூர் நேரத்தை மண்டலக் குறியீடு இல்லாமல் பதிந்திருந்தால், கோடைக்கால நேரம் மாறும் இரவில் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னே தாவும். இரண்டு நிமிட இடைவெளியில் வந்த இரண்டு கோரிக்கைகள் 62 நிமிட இடைவெளியில் வந்தவைபோலத் தோன்றி, நடுவே இல்லாத முறிவு ஒன்று உண்டாகும். கடிகாரம் பின்னே போகும் இரவில் ஒரு மணி நேரம் இரண்டு முறை வந்து, வரிசையே கலைந்துவிடும். லாக்கில் `+0200` போன்ற குறியீடு இருந்தால், அதைத் தூக்கி எறியாமல் படித்து UTC-ஆக மாற்றி, `timestamptz` வகை நெடுவரிசையில் வையுங்கள். மாற்றம் முதலில், வரிசைப்படுத்தல் அதன் பிறகு.

மூன்றாவது நுட்பம் பலருக்குத் தெரியாதது. அப்பாச்சி சர்வரின் வழக்கமான லாக் வடிவில் உள்ள `%t`, கோரிக்கை வந்து சேர்ந்த நேரத்தைக் குறிக்கிறது. nginx-இன் `$time_local` அப்படியன்று; nginx ஒரு கோரிக்கையை முடித்த பிறகே லாக் வரியை எழுதுவதால், அதிலுள்ளது முடிவு நேரம். சாதாரணப் பக்கங்களுக்கு இந்த வேறுபாடு ஒரு விநாடிகூட இராது. ஆனால் பெரிய கோப்பைப் பதிவிறக்க ஒருவருக்கு 40 நிமிடம் ஆனது என்றால், அந்த வரி 40 நிமிடம் தள்ளிப் பதிவாகும். நடுவில் அவர் வேறு பக்கம் எதையும் திறக்காமல் காத்திருந்தார் என்றால், முந்தைய கோரிக்கைக்கும் இதற்கும் இடையே 40 நிமிட மௌனம் இருந்ததாக விதி நினைத்து, அந்தப் பதிவிறக்கத்தையே புதிய அமர்வின் தொடக்கமாக்கிவிடும். லாக் வடிவில் `$request_time`-ஐயும் சேர்த்து, முடிவு நேரத்திலிருந்து அதைக் கழித்தால் தொடக்க நேரம் கிடைக்கும். இரண்டு வகைச் சர்வர்களின் லாக்கையும் ஒன்றாகச் சேர்ப்பவர்கள் இதைக் கட்டாயம் செய்ய வேண்டும்.

நான்காம் படி: யாருடைய கோரிக்கை, எது அவரே செய்த செயல்

`user_key` என்று நாம் எளிதாக எழுதிவிட்டதற்குப் பின்னால் ஒரு முடிவு இருக்கிறது. உள்நுழைந்த பயனரின் எண் இருந்தால் அதுவே நல்லது. இல்லாவிட்டால் தளம் வைக்கும் குக்கீயின் அடையாளம். அதுவும் இல்லாவிட்டால் ஐபி முகவரியையும் பிரவுசர் அனுப்பும் தன்விவரத்தையும் சேர்த்துப் பயன்படுத்துவார்கள். இது பலவீனமானது: ஒரே அலுவலக வலையமைப்பிலிருந்து வரும் பலர் ஒருவராகத் தெரிவார்கள், வைஃபையிலிருந்து மொபைல் இணையத்துக்கு மாறும் ஒருவர் இருவராகத் தெரிவார். எதை எடுத்தாலும், அந்த நெடுவரிசை காலியாக உள்ள வரிகளை முன்கூட்டியே விலக்கிவிடுங்கள். `PARTITION BY` எல்லா NULL-களையும் ஒரே பிரிவாகக் கொள்ளும். அடையாளம் இல்லாத அத்தனை பேரும் ஒரே பயனராகி, நாள் முழுவதும் நீளும் ஒற்றை அமர்வு ஒன்று உருவாகும்.

இதைவிட முக்கியமானது, எந்தக் கோரிக்கைக்கு இடைவெளியை நிரப்பும் உரிமையைத் தருகிறோம் என்பது. இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றை நினைவில் வைக்க வேண்டுமென்றால், இதையே வையுங்கள் என்பேன்.

இன்றைய பக்கங்கள் பல, திறந்திருக்கும் வரை தாமாகவே சர்வரை அழைத்துக்கொண்டிருக்கும். புதிய அறிவிப்பு உண்டா என்று 5 நிமிடத்துக்கு ஒரு முறை கேட்பது வழக்கமான ஒன்று. நம் எடுத்துக்காட்டில் u17 105-ஆம் கோரிக்கைக்குப் பிறகு பக்கத்தைத் திறந்தபடியே விட்டுவிட்டு எழுந்து போனார் என்று கொள்வோம். 09:40, 09:45 என்று தொடங்கி 10:15 வரை `/api/notifications` என்ற முகவரிக்கு எட்டுக் கோரிக்கைகள் பதிவாகின்றன. இவற்றையும் சேர்த்து விதியை ஓட்டினால், 44 நிமிடம் 45 விநாடி இடைவெளி இருந்த இடத்தில் இப்போது 6 நிமிடத்தைத் தாண்டும் இடைவெளி ஒன்றுகூட இல்லை. இரண்டு அமர்வுகளும் ஒட்டிக்கொண்டு 1 மணி 29 நிமிடம் 30 விநாடி நீளமுள்ள ஒரே அமர்வாகின்றன. மனிதர் இல்லை, அவர் திறந்து வைத்த பக்கம் மட்டும் பேசிக்கொண்டிருக்கிறது. விதிக்கு அந்த வேறுபாடு தெரியாது.

நான் இந்த வேலையைக் கற்றுக்கொண்ட காலத்தில் இந்தப் பிழையில் நாள்கணக்கில் சிக்கியிருக்கிறேன். வரம்பை 30-லிருந்து 20-ஆகவும் 10-ஆகவும் குறைத்துப் பார்த்தேன். நீண்ட அமர்வுகள் அசையவே இல்லை. பிழையைக் காட்டிக்கொடுக்கும் அடையாளமே அந்த அசையாமைதான் என்பது பிறகுதான் விளங்கியது. உண்மையான மனித இடைவெளிகள் சிறிதும் பெரிதுமாகச் சிதறியிருக்கும். வரம்பைக் குறைத்தால் அமர்வுகள் மெல்ல மெல்லப் பிரியும். 5 நிமிடத் தானியங்கி அழைப்புகளால் கட்டப்பட்ட அமர்வோ, வரம்பு ஏறத்தாழ 5 நிமிடத்துக்கு இறங்கும் வரை அப்படியே இருந்து, அங்கே திடீரென்று சுக்குநூறாகும். நீளமான அமர்வுகளை எடுத்து, ஒவ்வொன்றிலும் எத்தனை வேறுபட்ட முகவரிகள் உள்ளன என்று எண்ணிப் பார்ப்பதும் நல்ல சோதனை. முந்நூறு கோரிக்கைகள் இருந்தும் முகவரி நான்கே என்றால், அங்கே பேசுவது மனிதர் அல்லர்.

தீர்வு, ஒவ்வொரு வரிக்கும் `is_activity` என்ற உண்மை-பொய் நெடுவரிசை ஒன்றைச் சேர்ப்பது. பயனர் தாமே செய்த செயலுக்கு மட்டும் அது உண்மை. படங்கள், பாணிக் கோப்புகள், தானியங்கி அழைப்புகள், சர்வர் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கும் கண்காணிப்புக் கோரிக்கைகள், தேடுபொறிகளின் தானியங்கி நிரல்கள் ஆகியவற்றுக்குப் பொய். மேலே உள்ள வினவலின் முதல் அடுக்கில் `WHERE is_activity` என்று சேர்த்து, அமர்வின் எல்லைகளைச் செயல்களைக் கொண்டு மட்டும் தீர்மானியுங்கள். தானியங்கி வரிகளை அழித்துவிட வேண்டாம். அமர்வுகள் உறுதியான பிறகு, ஓர் அமர்வின் தொடக்கத்துக்கும் முடிவுக்கும் நடுவே விழும் தானியங்கி வரிகளை அந்த அமர்வோடு இணைத்துக்கொள்ளலாம்; எதற்குள்ளும் விழாதவற்றை அமர்வு எண் இல்லாமல் விடலாம்.

வரிகளை LAG பார்த்த பிறகு வடிகட்டுவது வேறு, பார்க்கும் முன்பே வடிகட்டுவது வேறு என்பதையும் கவனியுங்கள். வெளி அடுக்கில் வடிகட்டினால், இடைவெளிகள் ஏற்கெனவே தானியங்கி வரிகளால் நிரப்பப்பட்டே கணக்கிடப்பட்டிருக்கும். வரிகள் மறைந்தாலும் அவற்றின் விளைவு அப்படியே இருக்கும்.

காணொளி பார்ப்பது இதற்கு ஒரு நியாயமான விதிவிலக்கு. 50 நிமிடக் காணொளியைப் பார்த்துக்கொண்டிருப்பவர் எதையும் தொடாமல் இருந்தாலும், அங்கேதான் இருக்கிறார். அத்தகைய தளத்தில், காணொளி ஓடிக்கொண்டிருப்பதைத் தெரிவிக்கும் அழைப்பைச் செயலாகவே கொள்ள வேண்டும்.

ஐந்தாம் படி: வரம்பை முடிவுசெய்தல்

30 நிமிடம் என்ற எண் எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொள்வது பயனுள்ளது. 1995-இல் ஜார்ஜியா டெக்கைச் சேர்ந்த கேட்லெட்ஜ், பிட்கோ என்ற இருவர், பிரவுசரில் பயனர்கள் செய்த செயல்களைப் பதிவுசெய்து ஆராய்ந்தனர். அடுத்தடுத்த செயல்களுக்கு இடையிலான சராசரி நேரம் 9.3 நிமிடம் என்று கண்டு, அதனுடன் திட்ட விலக்கத்தின் ஒன்றரை மடங்கைக் கூட்டி, 25.5 நிமிடத்தை எல்லையாக வைத்தனர். பின்னாளில் அது 30 என்று முழுமையாக்கப்பட்டு வழக்கமாயிற்று. கூகுள் அனலிட்டிக்ஸின் இயல்பான வரம்பும் அதுவே. தொண்ணூறுகளின் நடுவில் இருந்த இணையத்தையும் அதைப் பயன்படுத்திய ஒரு சிறு வட்டத்தையும் பார்த்துப் பிறந்த எண் இது. மற்றவர்களின் அறிக்கையோடு ஒப்பிட வேண்டுமென்றால் அதையே வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் தளத்தின் இயல்பைத் தெரிந்துகொள்ள வேண்டுமென்றால் உங்கள் இடைவெளிகளையே பாருங்கள்.

பார்க்கும் முறை இது. மேலே உள்ள `g` அடுக்கின் விளைவில் உள்ள எல்லா இடைவெளிகளையும் கூடைகளாகப் பிரித்து எண்ண வேண்டும். கூடைகள் சம அளவில் இருந்தால் எல்லாம் முதல் கூடையிலேயே குவிந்துவிடும். ஆகவே 1, 2, 4, 8, 16, 32 நிமிடம் என்று இரட்டித்துக்கொண்டே போங்கள். பல தளங்களில் இரண்டு மேடுகள் தெரியும்: ஒன்று சில விநாடிகளிலிருந்து சில நிமிடங்கள் வரை, ஒரே அமர்வுக்குள் பக்கம் மாறுவதால் வருவது, மற்றொன்று பல மணி நேரத்திலிருந்து ஒரு நாள் வரை, போய்விட்டுத் திரும்பி வருவதால் வருவது. நடுவே உள்ள பள்ளத்தில் வரம்பை வைத்தால், இடைவெளிகள் மிகக் குறைவாக உள்ள இடத்தில் வெட்டுகிறோம் என்று பொருள். எல்லையில் தவறாக விழும் அமர்வுகளும் அங்கே மிகக் குறைவு. பள்ளம் தெளிவாக இல்லாத தளங்களும் உண்டு. அங்கே எந்த வரம்பும் ஓரளவு நம் விருப்பமே. அதை ஒப்புக்கொண்டு அறிக்கையில் வரம்பைக் குறிப்பிடுவதே நேர்மை.

வரம்பை மாற்றினால் முடிவு எவ்வளவு அசைகிறது என்று பார்க்க, முழு வினவலையும் மீண்டும் ஓட்ட வேண்டியதில்லை. முன்பு சொன்ன கூட்டல் இங்கே உதவும்: பயனர் எண்ணிக்கையோடு, அந்த வரம்பைத் தாண்டிய இடைவெளிகளைக் கூட்டினால் போதும். நம் ஒன்பது வரிகளுக்கு 20 நிமிட வரம்பில் 5 அமர்வுகள், 30-இல் 4, 45-இல் 2. ஒன்பது வரிகளில் இப்படி ஆடுவது இயற்கை. பல இலட்சம் வரிகளில் 30-க்கும் 45-க்கும் நடுவே எண்ணிக்கை பாதியாகிறது என்றால் மட்டும், அந்த வரம்பின் மேல் கட்டப்படும் எந்த முடிவையும் ஐயத்தோடு பாருங்கள்.

ஆறாம் படி: நாள்தோறும் ஓட்டும்போது

இதுவரை எல்லா வரிகளும் நம் கையில் இருப்பதாகக் கொண்டோம். நடைமுறையில் இந்த வினவல் ஒவ்வொரு நாளும் அன்றைய வரிகளின் மேல் ஓடும். அப்படியே ஓடவிட்டால் நள்ளிரவைத் தாண்டும் ஒவ்வோர் அமர்வும் இரண்டாக வெட்டுப்படும், ஏனெனில் அன்றைய முதல் வரிக்கு முன்னே வேறொன்று இருந்தது வினவலுக்குத் தெரியாது. நள்ளிரவுக்குப் பிந்தைய முதல் சில நிமிடங்களில் தொடங்கும் அமர்வுகள் மற்ற நேரத்தைவிட அளவுக்கு மீறிக் குவிந்திருந்தால், இதுதான் நடந்திருக்கிறது.

முந்தைய நாளின் கடைசி 30 நிமிடத்தையும் சேர்த்துப் படித்தால் போதும் என்று தோன்றும். அது பாதித் தீர்வுதான். இன்றைய முதல் வரி பழைய அமர்வின் தொடர்ச்சியா என்பது அதனால் தெரிந்துவிடும். ஆனால் அந்த அமர்வு எப்போது தொடங்கியது என்பது தெரியாது, ஏனெனில் அது இரவு ஒன்பது மணிக்கே தொடங்கியிருக்கலாம். இன்னும் முடியாத அமர்வுகளைப் பயனர், தொடக்க நேரம், கடைசிச் செயலின் நேரம் என்ற மூன்று நெடுவரிசைகளோடு தனி அட்டவணையில் வைத்திருந்து, அடுத்த ஓட்டத்தில் அதனுடன் புதிய வரிகளைச் சேர்ப்பதே முறையான வழி. கடைசிச் செயலுக்குப் பிறகு வரம்பு நேரம் முழுவதும் கடந்த அமர்வை மட்டுமே முடிந்தது என்று அறிவிக்கலாம்.

அப்படி அறிவித்த பிறகும் தாமதமாக ஒரு வரி வந்து சேரக்கூடும். மொபைல் செயலிகள் இணைப்பு இல்லாதபோது நடந்தவற்றைச் சேமித்து வைத்துப் பிறகு அனுப்புவதால் இது அடிக்கடி நிகழும். u17 செய்த ஒரு செயல், 09:55:00 என்ற நேரத்தோடு, மறுநாள் வந்து சேர்கிறது என்று கொள்வோம். அதற்கும் 105-க்கும் நடுவே 19 நிமிடம் 40 விநாடி. அதற்கும் 107-க்கும் நடுவே 25 நிமிடம் 5 விநாடி. இரண்டும் வரம்புக்குள் இருப்பதால், நேற்று இரண்டாக அறிவித்த அமர்வுகள் இன்று ஒன்றாகின்றன. ஒரே ஒரு தாமத வரி அமர்வுகளின் எண்ணிக்கையைக் குறைக்கும் என்பது பலருக்கு வியப்பாக இருக்கும்.

இதற்கு இரண்டு முன்னேற்பாடுகள் வேண்டும். ஒன்று, வரிகள் பொதுவாக எவ்வளவு தாமதமாக வருகின்றன என்று, நிகழ்ந்த நேரத்துக்கும் வந்து சேர்ந்த நேரத்துக்கும் உள்ள வேறுபாட்டை அளந்து, பெரும்பான்மை வந்து சேரும் வரை அமர்வை மூடாமல் காத்திருப்பது. அதற்கும் பிந்தி வருபவற்றை ஏற்று அந்தப் பயனரை மட்டும் மறுகணக்கிடுவதா, ஒதுக்கி எண்ணி வைப்பதா என்பதை முதலிலேயே முடிவுசெய்ய வேண்டும். மற்றொன்று, `session_no` என்ற தொடர் எண்ணை நிலையான அடையாளமாக வேறு அட்டவணைகளில் சேமிக்காமல் இருப்பது. நடுவே இரண்டு அமர்வுகள் ஒன்றானால் அதன் பின்னுள்ள எல்லா எண்களும் ஒன்று குறையும். பழைய எண்ணைச் சேமித்தவர் வேறோர் அமர்வைப் பார்த்துக்கொண்டிருப்பார். பயனர் அடையாளத்தையும் அமர்வின் தொடக்க நேரத்தையும் சேர்த்து அடையாளமாக வைத்தால், இணைந்த இரண்டில் முன்னதன் அடையாளம் நிலைக்கும், பின்னது மட்டும் மறையும். அதற்குப் பின்னுள்ள அமர்வுகள் எதுவும் பெயர் மாறா. தொடக்கத்துக்கும் முந்தைய தாமத வரி வந்தால் இந்த அடையாளமும் மாறத்தான் செய்யும். ஆகவே அமர்வு அட்டவணையை மறுகணக்கிடும்போதெல்லாம், அதைச் சார்ந்த அட்டவணைகளில் அந்தப் பயனரின் வரிகளையும் அதே பரிவர்த்தனைக்குள் அழித்து மீண்டும் எழுதுங்கள்.